ஏழாம் வகுப்புக்கு 10 நிமிட டெமோ, தசம எண்கள்: பிளானைப் பார்த்துத் திட்டுங்க

6 ஏப்ரல் 2025, இரவு 9:40 | திண்டுக்கல் பூட்டு

வர்ற 17ஆம் தேதி ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல இன்டர்வியூ. போன வருஷம் பி.எட். முடிச்சேன், கணக்கு. இதுதான் முதல் இன்டர்வியூ. ஆபீஸ்ல இருந்து போன்ல சொன்னது: ஏழாம் வகுப்பு, தசம எண்களை ஒப்பிடுதல், பத்து நிமிஷம், அப்புறம் பேனல் கேள்வி கேக்கும்.

என் பிளான்: முதல் 2 நிமிஷம் மார்க்கெட் கதை சொல்லி அறிமுகம். அடுத்த 4 நிமிஷம் இடமதிப்பு அட்டவணை, சார்ட் ஒட்டி விளக்கம். அப்புறம் 3 நிமிஷம் போர்டுல மூணு கணக்கு போட்டுக் காட்டுறது. கடைசி நிமிஷம் தொகுத்துச் சொல்லி வீட்டுப்பாடம். பி.எட்.ல 45 நிமிஷத்துக்கு எழுதின பிளானைத்தான் சுருக்கியிருக்கேன்.

வகுப்பை எப்படிக் கட்டுப்படுத்துவீங்கன்னு கேட்டா, "அன்பாகப் பேசிப் புரிய வைப்பேன், ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை உள்ளவர்"னு சொல்றதா இருக்கேன். எங்க இடிக்குது?

6 ஏப்ரல், இரவு 10:15 | சாக்பீஸ் தூள்

அன்பாகப் பேசிப் புரிய வைக்கிறதா? ஏழாம் வகுப்பு ஆறாவது பீரியட்லயா? நல்லா இருங்க.

தசமத்துக்கு ரூபாய் பைசாவைப் பிடிச்சுக்குங்க. 0.5ன்னா 50 பைசா, 0.45ன்னா 45 பைசா. எந்தப் பையனுக்கும் உடனே புரியும். மார்க்கெட் கதைக்கும் பொருந்தும்.

7 ஏப்ரல், காலை 6:50 | டெட் பேப்பர் 2

டெட்ல தசம எண் எத்தனை மார்க்குக்கு வரும்? டெமோவுக்கும் மார்க் உண்டா?

7 ஏப்ரல், காலை 7:30 | பழைய ஹெச்.எம்.

டெட் தம்பி, அது ஆசிரியர் தகுதிக்கான எழுத்துத் தேர்வு. இங்கே பேசுவது தனியார் பள்ளி நேர்காணல். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பூட்டு அம்மாவுக்கு. உங்கள் பிளானில் பத்து நிமிடமும் நீங்கள்தான் பேசுகிறீர்கள். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடத்தில் நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நூறு பேரையாவது பார்த்திருப்பேன். ஆறாவது நிமிடத்தில் பேனல் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

45 நிமிடப் பாடத்தைச் சுருக்கினால் 10 நிமிடப் பாடம் வராது, மூச்சு வாங்கும். பி.எட்.டில் நுண்ணிலைக் கற்பித்தல் செய்திருப்பீர்களே, ஆறு நிமிடம் கற்பித்து, கருத்துக் கேட்டு, திட்டத்தைத் திருத்தி மறுபடி கற்பித்தது? டெமோ அதற்குத்தான் நெருக்கம். ஒரே ஒரு கருத்து. அது பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்று நீங்கள் கண்டுபிடிப்பதைப் பேனல் பார்க்க வேண்டும்.

முதலில் ஆபீசுக்கு மறுபடி போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். உட்காரப்போவது உண்மையான பிள்ளைகளா, பேனலே பிள்ளைகள் மாதிரி நடிக்குமா? எத்தனை பேர்? கரும்பலகையா, மார்க்கர் போர்டா? கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள். கேட்காமல் வந்து சார்ட் ஒட்டச் சுவர் தேடுகிறவரைத்தான் தப்பாக நினைப்போம்.

7 ஏப்ரல், மதியம் 1:05 | திண்டுக்கல் பூட்டு

போன் போட்டேன். லீவு ஸ்பெஷல் கிளாஸுக்கு வர்ற பசங்க பன்னிரண்டு பேர், பேனல்ல மூணு பேர், பச்சை போர்டு, சாக்பீஸ். பாடம் இங்கிலீஷ்ல.

வேப்பமரம் வலிச்சது சார். உண்மைதான்.

8 ஏப்ரல், இரவு 11:20 | திண்டுக்கல் பூட்டு

புது பிளான். கதை இல்ல, சார்ட் இல்ல. உள்ள போனதும் போர்டுல மூணு எண்: 0.5, 0.45, 0.125. எது பெருசுன்னு எல்லாரும் துண்டுத்தாள்ல எழுதணும், பேசக் கூடாது. 125தான் பெரிய எண்ணுன்னு நினைச்சு பாதிப் பேர் 0.125ன்னு எழுதுவாங்க. அங்கேயிருந்து பாடத்தை ஆரம்பிக்கிறேன். சரியா எழுதினவங்களுக்குப் புரிஞ்சிருக்குன்னு விட்டுட்டு, தப்பா எழுதினவங்களோட வேலை செய்யலாம்.

9 ஏப்ரல், காலை 8:10 | நொய்யல்கரை

நல்லா வந்திருக்குங்க. ஆனா அந்த மூணு எண்ணு உங்களைக் கவுத்துடும். நான் கோயம்புத்தூர்ல ஆறுலிருந்து எட்டு வரைக்கும் கணக்கு எடுக்கறேன், பதினொரு வருசமாச்சு. நானும் இதே மாதிரி எண்ணுகளை வெச்சு ரெண்டு வருசம் ஏமாந்தேன்.

தசமத்துல பசங்க ரெண்டு விதமாத் தப்பு பண்ணுவாங்க. ஒண்ணு நீங்க சொன்னது, புள்ளிக்கு அப்புறம் நீளமா இருந்தா பெருசுன்னு நினைக்கறது. இன்னொண்ணு அதுக்கு நேர் தலைகீழ். பின்னம் படிச்சுட்டு வர்ற பையனுக்கு நூத்துல ஒரு பங்கு பத்துல ஒரு பங்கை விடச் சின்னதுன்னு தெரியும். அதை வெச்சு, புள்ளிக்கு அப்புறம் இலக்கம் கூடக் கூடத் துண்டு சின்னதாகுது, அதனால எண்ணும் சின்னதாகுதுன்னு முடிவு பண்ணிடறான். அவனுக்கு எது குட்டையோ அது பெருசு.

இப்ப உங்க மூணு எண்ணைப் பாருங்க. 0.5தான் குட்டை. அவன் 0.5ன்னு எழுதுவான், சரியான பதில்! நீங்க டிக் போட்டுட்டு நகர்ந்துடுவீங்க. அவனோட தப்பு அப்படியே உள்ளேயே இருக்கும்.

ரெண்டு ஜோடி குடுங்க. முதல் ஜோடி 0.4, 0.35. நீளம்னா பெருசுங்கறவன் இங்க மாட்டுவான். ரெண்டாவது ஜோடி 0.3, 0.62. குட்டைன்னா பெருசுங்கறவன் இங்க மாட்டுவான். ரெண்டையும் சரியா எழுதினவனைத்தான் ஓரளவு நம்பலாம். துண்டுத்தாளைப் பார்த்தாலே யார் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும், வாயைத் திறந்து கேக்கவே வேண்டியதில்லைங்க.

9 ஏப்ரல், காலை 8:40 | சாக்பீஸ் தூள்

இதுக்குத்தான் பைசான்னேன். 40 பைசா, 35 பைசா. 30 பைசா, 62 பைசா. முடிஞ்சது கதை.

9 ஏப்ரல், காலை 9:25 | பழைய ஹெச்.எம்.

தூள் சொல்வது இரண்டு இலக்கம் வரை ஓடும். 0.457 வந்தால் எத்தனை பைசா? பைசாவிலேயே வளர்ந்த பிள்ளைக்கு 0.45, 0.457 இரண்டும் சமம். மிச்சமுள்ள 7ஐச் சில்லறை என்று தள்ளிவிடும். போதாததற்கு, புள்ளியை அது எண்ணின் பாகமாகவே பார்க்காது. இந்தப் பக்கம் ரூபாய், அந்தப் பக்கம் பைசா, நடுவில் ஒரு வேலி.

அதோடு, 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போயின. ஏழாம் வகுப்புப் பிள்ளை அதற்குப் பிறகு பிறந்தது. 35 பைசாவைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

9 ஏப்ரல், காலை 9:31 | சாக்பீஸ் தூள்

வயசைச் சொல்லி அடிக்கிறீங்க சார். காய்கறிக்கடை எலக்ட்ரானிக் தராசுல 0.350ன்னு காட்டுமே, அது ஓகேவா?

9 ஏப்ரல், காலை 10:00 | நொய்யல்கரை

தராசு பரவால்லைங்க, மூணு இலக்கம் இருக்கு. ஆனா அது தானாகவே பூஜ்யம் போட்டு 0.400, 0.350ன்னு காட்டிடும். பையன் 400, 350ன்னு முழு எண்ணாப் படிச்சு பதில் சொல்லிடுவான். பதில் சரி, தசமம் மட்டும் தலைக்குள்ள ஏறலை. பூஜ்யம் சேர்த்துச் சமமாக்கற வழியைக் கடைசியில சுருக்குவழியாச் சொல்லலாம், முதல்ல வேண்டாம்ங்கறது என் கட்சி. முதல்லயே சொல்லிக் குடுக்கணும்னு எங்க ஸ்கூல்லயே பாதிப் பேர் சண்டைக்கு வருவாங்க.

11 ஏப்ரல், மாலை 6:45 | திண்டுக்கல் பூட்டு

8ஆம் தேதி எழுதினதுல "சரியா எழுதினவங்களுக்குப் புரிஞ்சிருக்கு"ங்கிற வரியை வாபஸ் வாங்கிக்கிறேன். பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பொண்ணுகிட்ட ரெண்டு ஜோடியையும் கொடுத்தேன். முதல் ஜோடில 0.4 சரி. ரெண்டாவதுல 0.3 பெருசுன்னு எழுதினா. ஏன்னு கேட்டேன். "பத்துல மூணு பெரிய துண்டு அக்கா, நூறுல வெட்டினா பொடிப்பொடியாப் போயிடும்"னா. நொய்யல்கரை சொன்னது அப்படியே, வரி மாறாம.

பொருளுக்கு ரிப்பன் வாங்கிட்டேன். ஒரு மீட்டர் மரஸ்கேல் காலேஜ்ல ஜூனியர்கிட்ட கடன். சிவப்பு 40 செ.மீ., நீலம் 35 செ.மீ. மீட்டரைப் பத்தாப் பிரிச்சா பத்து செ.மீ., நூறாப் பிரிச்சா ஒரு செ.மீ., ஆயிரமாப் பிரிச்சா ஒரு மி.மீ. மூணாவது இலக்கம் கண்ணால பார்க்கிற மாதிரி இருக்கு. 0.457ன்னா 45 செ.மீ.யும் 7 மி.மீ.யும். பைசாவுல இது வராதுங்கிறது இப்பத்தான் உறைக்குது. தையல் கடை அண்ணன் 45.7ன்னு கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நேரம் இப்படி: முதல் 2 நிமிஷம் துண்டுத்தாளும், நான் நடந்து போய்ப் பார்க்கிறதும். அடுத்த 3 நிமிஷம் ரிப்பனை ஸ்கேல்ல வச்சு அவங்களே அளக்கிறது. 3 நிமிஷம் போர்டுல, ஏன் முதல்ல பத்தாம் பங்கு இடத்தைப் பார்க்கணும்னு அவங்க வாயாலேயே வரவைக்கிறது. கடைசி 2 நிமிஷம் தாளோட பின்பக்கத்துல 0.5, 0.50 எது பெருசுன்னு எழுதி வாங்குறது. அது ரெண்டு வகைத் தப்பையும் ஒரே கேள்வியில பிடிக்கும்.

இப்ப ரெண்டாவது பாதிக்கு வாங்க. கடைசி பெஞ்ச் கேள்வி.

12 ஏப்ரல், காலை 7:15 | நொய்யல்கரை

"கடைசி பெஞ்சுல ரெண்டு பேர் பேசிட்டே இருக்காங்க, என்ன பண்ணுவீங்க?" இது எல்லா ஸ்கூல்லயும் வரும். அன்புன்னு ஆரம்பிச்சா அடுத்த கேள்வி "அன்பாச் சொல்லியும் கேக்கலைன்னா?" அப்புறம் "அப்பவும் கேக்கலைன்னா?" அவங்களுக்கு வேண்டியது முதல் பதில் இல்லீங்க. உங்ககிட்ட எத்தனை படி இருக்கு, எந்தப் படியில நீங்க கத்த ஆரம்பிப்பீங்கன்னு பாக்கறாங்க.

என் இன்டர்வியூல நான் சொன்ன பதிலையே சொல்லறேன். பாடத்தை நிறுத்த மாட்டேன். பேசிக்கிட்டே அந்தப் பக்கம் நடந்து போய் அவங்க பெஞ்சுகிட்ட நின்னுக்குவேன். முக்காவாசி அங்கேயே முடிஞ்சுடும். முடியலைன்னா அவங்க நோட்டுல விரலை வெச்சு "இந்தக் கணக்கு எங்க வரைக்கும் வந்திருக்கு?"ன்னு மத்தவங்களுக்குக் கேக்காத குரல்ல கேப்பேன். அப்பவும்னா ஒருத்தனை முன்னாடி பெஞ்சுக்கு மாத்துவேன், தண்டனைன்னு பேரு வெக்காம. பீரியட் முடிஞ்சப்புறம் ரெண்டு நிமிசம் தனியாப் பேசுவேன். ஒரு வாரம் தொடர்ந்தா தேதியோட எழுதி வெச்சு கிளாஸ் டீச்சர்கிட்ட குடுப்பேன். வெளிய நிறுத்த மாட்டேன், ஏன்னா பீரியட் நேரத்துல அந்தப் பையன் எங்க போனாலும் பொறுப்பு என்னோடது.

அந்தக் கடைசி வரியைச் சொன்னதும்தான் பிரின்சிபால் பேனாவை எடுத்தார்.

12 ஏப்ரல், காலை 10:30 | பழைய ஹெச்.எம்.

நொய்யல்கரை பதில் நல்ல பதில். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளை வீடியோ எடுத்துப் பார்த்தார். 1970இல் முடிவை வெளியிட்டார். பிள்ளை சேட்டை செய்த பிறகு ஆசிரியர் கண்டித்த விதத்தில், அமைதியான வகுப்புக்கும் கலகலத்த வகுப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. வித்தியாசம் முன்னாலேயே இருந்தது. நல்ல ஆசிரியர் போர்டில் எழுதும்போதே பின்னால் நடப்பதை அறிந்திருந்தார், அவர் அறிந்திருக்கிறார் என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும்போது இடைவெளி விடவில்லை.

ஆகவே பதிலைக் கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பிக்காமல் "அவர்கள் கைக்கு அப்போது என்ன வேலை கொடுத்திருந்தேன் என்று முதலில் பார்ப்பேன்" என்று ஆரம்பியுங்கள். டெமோவில் அதற்குச் சாட்சி இருந்தால் பேனல் கேள்வியே கேட்காமல் போகலாம். ரிப்பனைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டளையை யோசித்தீர்களானால், அந்தப் பத்து வினாடியில் அது மீசையாகும், ரிப்பன் டான்ஸ் ஆகும். கட்டளையை முதலில் சொல்லுங்கள், பொருளைப் பிறகு கொடுங்கள்.

12 ஏப்ரல், காலை 11:10 | காரைக்கால் அப்பா

பெற்றோராகச் சொல்கிறேன். இவ்வளவு படி எல்லாம் எதற்கு? அடிக்கக் கூடாது என்று சட்டம், ஒப்புக்கொள்கிறேன். முட்டி போடச் சொன்னால் அடியா அது? எங்களை எல்லாம் பெஞ்ச் மேலே ஏற்றினார்கள், நாங்கள் கெட்டா போய்விட்டோம்?

12 ஏப்ரல், மதியம் 12:20 | பழைய ஹெச்.எம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. உடல் தண்டனை மட்டும் அல்ல, மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று அதே வரியில் இருக்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை. நாற்பது பேர் பார்க்க ஒரு பிள்ளையை முட்டி போடச் சொல்வதை எதில் சேர்ப்பீர்கள்? அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பேசுகிறது. அதற்காகப் பத்தாம் வகுப்பு ஆனால் அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை, அதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன.

இதைக் கேட்டது நல்லதாயிற்று. "பெற்றோரே வந்து அடிச்சாவது படிக்க வைங்க என்றால்?" என்று பேனல் கேட்கும். நேரடியாகச் சட்டம் பேசினால் பெற்றோருக்குக் கோபம் வரும். "அடிக்க எனக்கு அனுமதி இல்லைங்க, அடிச்ச பையன் எனக்கு பயந்துக்கிட்டு சந்தேகம் கேக்கிறதை நிறுத்திடுவான். வீட்டுல எத்தனை மணிக்கு நோட்டை எடுக்கிறான்னு சொல்லுங்க" என்று பேச்சை நோட்டுக்குத் திருப்பிவிட வேண்டும்.

12 ஏப்ரல், மதியம் 12:45 | காரைக்கால் அப்பா

சட்டம் சரி. நாங்கள் கெட்டுப்போகவில்லை என்பதற்குப் பதில் வரவில்லை.

13 ஏப்ரல், இரவு 8:00 | மழலை மிஸ்

நான் எல்.கே.ஜி.க்குப் போன இன்டர்வியூ ஞாபகம் வருது. ரைம்ஸ் பாடிக்கிட்டே ஆடிக் காட்டச் சொன்னாங்க. பேனல்ல ஒருத்தர் குழந்தையா நடிச்சார். நடுவுல "மிஸ், பாத்ரூம்"னார். நானும் பாட்டை நிறுத்தாம கையைப் பிடிச்சு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டேன். அவர் ஐம்பது வயசு மனுஷர், வெட்கப்பட்டுட்டார். வேலை கிடைச்சது. உங்களுக்கு உபயோகப்படாது, சும்மா சொன்னேன். புத்தாண்டு வாழ்த்துகள்.

17 ஏப்ரல், மாலை 7:50 | திண்டுக்கல் பூட்டு

முடிஞ்சது. இன்னும் கை நடுங்குது, வரிசையா எழுதிடுறேன்.

பன்னிரண்டு பேர், ஆறு பெஞ்ச். பின்னாடி பிரின்சிபால், கணக்கு சீனியர் டீச்சர், கரெஸ்பாண்டென்ட். பேரைச் சொல்லிட்டு நேரா போர்டுக்குப் போயிட்டேன். ரெண்டு ஜோடி எழுதி, துண்டுத்தாள் கொடுத்து, "ஒரு நிமிஷம், பேச வேண்டாம், பெருசைச் சுழி"ன்னேன். அந்த ஒரு நிமிஷ அமைதிதான் எனக்குக் கஷ்டம். பேசாம நிக்கிறது வேலை செய்யாத மாதிரி இருந்தது.

நடந்து போய்ப் பார்த்தேன். அஞ்சு பேர் 0.35ஐச் சுழிச்சிருந்தாங்க. ரெண்டு பேர் 0.4 சரியாப் போட்டுட்டு அடுத்ததுல 0.3. மிச்சம் அஞ்சு பேர் ரெண்டும் சரி. அந்த ரெண்டு பேரை நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். நொய்யல்கரை, உங்களுக்கு ஒரு ஜிகர்தண்டா பாக்கி.

ஹெச்.எம். சார் எச்சரிச்சதும் நடந்தது. மூணாவது பெஞ்ச் பையன் நீல ரிப்பனை மணிக்கட்டுல சுத்திக்கிட்டான், ராக்கி மாதிரி. கட்டளையை முன்னாடியே சொல்லித்தான் கொடுத்தேன், ஆனா ஆறு பெஞ்சுக்கு ஒரே ஒரு ஸ்கேல். காத்திருந்த பெஞ்சுக்கு வேலை இல்ல. அது என் தப்பு, அவன் தப்பு இல்ல. "இங்க வா, ஸ்கேலோட பூஜ்யத்துல ரிப்பன் நுனியைப் பிடி"ன்னு கூப்பிட்டேன். வந்தான், கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நின்னான். ஒரு பையன்கிட்ட 0.35 ஏன் பெருசுன்னு கேட்டா, "35 பெருசு மிஸ்"னான். ரிப்பனைப் பார்த்துட்டு அவனே "இல்ல, இந்த 3 பத்தாம் பங்கு, அந்த 4ம் பத்தாம் பங்கு"ன்னு தமிழ்ல சொன்னான். அதை அப்படியே இங்கிலீஷ்ல போர்டுல எழுதினேன். முழுக்க இங்கிலீஷ்ல பேசலைன்னு மார்க் போகுமோ தெரியல.

அப்புறம் விழுந்தேன். கரெஸ்பாண்டென்ட் கையைத் தூக்கினார். "மிஸ், 0.4க்கு அடுத்த எண் என்ன?" யோசிக்காம "0.41"னுட்டேன். வாயை மூடறதுக்குள்ள எனக்கே தெரிஞ்சது. போர்டைப் பார்த்தேன், 0.457 ரிப்பன் அங்கேயே தொங்குது. "நான் சொன்னது தப்பு. 0.4க்கும் 0.41க்கும் நடுவுல 0.405 இருக்கு. இப்ப 0.4க்கும் 0.405க்கும் நடுவுல யாராவது ஒண்ணு சொல்லுங்க"ன்னேன். ஒரு பொண்ணு 0.401ன்னா. இன்னொருத்தன் 0.4001. அடுத்த எண்ணே கிடையாதுன்னு முடிக்கிறதுக்குள்ள நேரம் ஆயிடுச்சு. 0.5, 0.50 கேள்வி கேக்கவே முடியல.

17 ஏப்ரல், இரவு 8:05 | சாக்பீஸ் தூள்

0.40001 கோவிச்சுக்கப் போகுது, அதையும் கூப்பிட்டிருக்கலாம்.

17 ஏப்ரல், இரவு 9:10 | பழைய ஹெச்.எம்.

நான் பேனலில் இருந்திருந்தால் அந்த இடத்தில்தான் உங்களை வேலைக்கு எடுத்திருப்பேன். தப்பைப் பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொண்டு, அதையே அடுத்த கேள்வியாக்குவது பயிற்சியில் வராது.

17 ஏப்ரல், இரவு 9:40 | நொய்யல்கரை

சார், எங்க ஸ்கூல்னா நிச்சயம் கழிச்சிருப்பாங்க. பாடத்துல தப்பு சொன்னா அது தப்புதாங்கறது எங்க பிரின்சிபால் கட்சி. எனக்கு ரெண்டு மனசுங்க. கேள்வியைப் போர்டு மூலையில எழுதி வெச்சுட்டு, "நல்ல கேள்வி, அஞ்சு நிமிசத்துல வர்றேன்"னு சொல்லியிருந்தா பாடமும் முடிஞ்சிருக்கும், யோசிக்க நேரமும் கிடைச்சிருக்கும்.

17 ஏப்ரல், இரவு 10:30 | திண்டுக்கல் பூட்டு

பேனல் கேள்விகள் விட்டுப்போச்சு. கடைசி பெஞ்ச் கேள்வி வரவே இல்ல! பதிலா பிரின்சிபால் கேட்டது: "ரிப்பன் பையனை ஏன் முன்னாடி கூப்பிட்டீங்க?" பொறுப்பு கொடுத்தா மாறுவான், அது இதுன்னு பெருசாச் சொல்லியிருக்கலாம். "ரிப்பன் எனக்கு வேணும் மேடம், ஸ்கேல் ஒண்ணுதான் இருந்தது, அவனுக்கு வேலை கொடுக்காம விட்டது என் பிளான்ல இருந்த ஓட்டை"ன்னுட்டேன். சிரிச்சாங்க. நல்ல சிரிப்பான்னு தெரியல.

சீனியர் டீச்சர் கேட்டது: "நாலு நாளா ஹோம்வொர்க் எழுதாத பையன்?" டைரியில எழுதுவேன், பெற்றோரைக் கூப்பிடுவேன்னு ஆரம்பிச்சேன். "நாலாவது நாள்தான் உங்களுக்குத் தெரியுமா?"ன்னாங்க. பதில் வரல.

18 ஏப்ரல், காலை 6:30 | பழைய ஹெச்.எம்.

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. இரண்டாம் நாளே நோட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார். எழுதத் தெரியாமல் எழுதவில்லையா, நேரம் இல்லாமல் எழுதவில்லையா என்பது முதல் கணக்கை வகுப்பிலேயே போடச் சொன்னால் மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரியாதவனுக்கு டைரிக் குறிப்பு எழுதி என்ன பயன்?

18 ஏப்ரல், காலை 6:48 | டெட் பேப்பர் 2

சார், 0.405ங்கிறது பேப்பர் 2ல வருமா?

19 ஏப்ரல், இரவு 11:55 | திண்டுக்கல் பூட்டு

தூக்கம் வரல. ரெண்டு விஷயம் மாத்தியிருக்கணும்.

ஸ்கேல். ஒரு மீட்டர் பேப்பர் நாடா ஆறு ஒட்டியிருந்தா பெஞ்சுக்கு ஒண்ணு, செலவு இருபது ரூபாகூட ஆகாது. மரஸ்கேல்தான் கம்பீரமா இருக்கும்னு நினைச்சேன்.

நேரம். கடைசி 2 நிமிஷக் கேள்வியைக் கடைசியில வச்சதே தப்பு. டெமோவுல குறுக்கே யாராவது கேள்வி கேப்பாங்கன்னு தெரிஞ்சும் பத்து நிமிஷத்துக்கும் பிளான் போட்டேன். எட்டுக்குப் போட்டிருக்கணும். 0.5, 0.50 இல்லாம முடிச்சதால, அந்த ஏழு பேருல எத்தனை பேர் மாறினாங்கன்னு எனக்குத் தெரியாது. பேனலுக்கும் தெரியாது.

நொய்யல்கரை சொன்ன போர்டு மூலை விஷயம்: யோசிச்சுப் பார்த்தேன், அந்தக் கேள்விக்கு மட்டும் அது வேண்டாம்னு தோணுது. அந்தப் பொண்ணு 0.401 சொன்னப்ப மூணாவது பெஞ்ச் பையன் ரிப்பனை விட்டுட்டு போர்டைப் பார்த்தான். வேற கேள்வின்னா மூலைதான்.

2 மே, மதியம் 3:20 | திண்டுக்கல் பூட்டு

கூப்பிட்டாங்க. ஏழாம் வகுப்பு இல்ல, ஆறாம் வகுப்பு. முதல் மூணு மாசம் சீனியர் டீச்சர் வகுப்புல பின்னாடி உட்காருவாங்களாம். 0.41தான் காரணமா, பொதுவா புதுசா வர்றவங்களுக்கு அப்படியா, கேக்கத் தைரியம் வரல. சம்பளம் நான் நினைச்சதை விடக் கம்மி. சேர்றேன்.

2 மே, மாலை 4:00 | சாக்பீஸ் தூள்

0.41க்கு அடுத்த வேலை கிடையாதுன்னு இல்ல. வாழ்த்துகள்.

6 மே, காலை 9:15 | ஒரு புது ஆள்

அவசரம். நாளை மறுநாள் எனக்கு டெமோ, ஏழாம் வகுப்பு அறிவியல், ஒளிச்சேர்க்கை, பத்து நிமிஷம். யாராவது ரெடி பிளான் இருந்தா அனுப்புங்க. சார்ட் பெருசா வரைஞ்சு வச்சிருக்கேன்.

6 மே, காலை 9:50 | திண்டுக்கல் பூட்டு

சார்ட்டை வீட்டுலயே விடு. செடி எடை கூடுதே, அது எங்கேயிருந்து வருதுன்னு தெருவுல ரெண்டு பசங்ககிட்ட இன்னைக்கே கேளு. ஒருத்தன் மண்ணுன்னுவான், இன்னொருத்தன் தண்ணின்னுவான். "காத்து"ன்னு சொல்றவன் கிடைச்சாலும் விடாதே, ஏன்னு கேளு. மூணு பதிலையும் அவங்க சொன்ன வார்த்தையிலேயே இங்க போடு, சாயங்காலம் பார்க்கிறேன். ஆபீசுக்குப் போன் போட்டியா, பசங்க உட்காருவாங்களா?